உழக்கா, உலக்கையா, அளவுக்கா? குரலை எழுத்தாக்க மூன்று வழிகள்

"ஒரு படி அரிசிக்கு உழக்கு உளுந்து" என்று அம்மா சொன்னார். செல்பேசி அதை "உலக்கை உளுந்து" என்று எழுதியது. கணினி "அளவுக்கு உளுந்து" என்று எழுதியது. இரண்டும் தவறுதான். ஆனால் இவற்றில் ஒன்றுதான் தீபாவளிக்கு முதல் நாள் தேன்குழலைக் கெடுக்கும். எது அது?

அன்றாட வாழ்வில் செயற்கை நுண்ணறிவை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று பேசிவரும் எங்கள் பாட்காஸ்ட்டின் இந்த வாரப் பகுதி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. வீட்டில் பெரியவர்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் ஏராளம். சமையல் குறிப்பு, கைவைத்தியம், குடும்பக் கதை என்று செல்பேசிக்குள் மணிக்கணக்கான ஒலி தூங்குகிறது. அதை எழுத்தாக மாற்றினால்தான் தேடலாம், அச்சிடலாம், அண்ணன் தம்பிகளுக்கு அனுப்பலாம். மாற்றுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: செல்பேசி விசைப்பலகையில் உள்ள மைக், சொந்தக் கணினியில் இயங்கும், பேச்சைக் கேட்டு எழுதப் பயிற்சி பெற்ற பேச்சறி மாதிரி, தட்டச்சு செய்து கொடுக்கும் ஒரு மனிதர். மூன்றையும் ஒரே பதிவைக் கொண்டு சோதித்துப் பார்த்தோம். பகுதியைக் கேட்பதற்கு முன்னால் படித்துவிட்டு வந்தால் பேச்சைப் பின்தொடர எளிதாக இருக்கும் என்பதால் ஒப்பீட்டை இங்கே விரிவாகத் தருகிறேன்.

பதிவு 22 நிமிடம். சமையலறை மேடையில் செல்பேசியைக் கிடத்திவிட்டு எடுத்தது. மேலே காற்றாடி, பக்கத்தில் குக்கர், நடுவில் ஒருமுறை அம்மா பால் பொங்கிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். அந்த இடத்தில் ஏறக்குறைய 40 வினாடிகள் யாரும் பேசவில்லை. இந்த மௌனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே நான் ஒரு வேலை செய்தேன். பதிவை ஒருமுறை முழுக்கக் கேட்டு, அம்மா சொன்ன அளவுகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். படி, உழக்கு, பிடி, எலுமிச்சை அளவு, இரண்டு கை தண்ணீர் என்று மொத்தம் 17 அளவுகள். எந்த வழியில் எழுத்தாக்கினாலும் இந்த 17 சரியாக வந்தால் குறிப்பு பிழைத்தது. மற்ற சொற்கள் கொஞ்சம் மாறினாலும் தேன்குழலுக்கு ஒன்றும் ஆகாது. "நூற்றுக்கு எத்தனை சொல் சரி" என்று ஒரே எண்ணாகக் கருவிகளை அளக்கும் வழக்கம் எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். "அப்புறம்" தப்பினால் பரவாயில்லை. "உழக்கு" தப்பக் கூடாது. அந்த எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

முதலில் செல்பேசி. கூகுளின் விசைப்பலகையில் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சு 2017 ஆகஸ்டில் வந்தது. அன்றிலிருந்து அது எவ்வளவோ தேறியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்புவதற்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் இந்த வகைக் கருவிகள் எல்லாமே, ஒருவர் செல்பேசியை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசுவதற்கென்று அமைந்தவை. பேச்சு நின்றால் மைக்கும் நின்றுவிடும். ஆகவே பழைய பதிவை இன்னொரு செல்பேசியில் ஓடவிட்டு இதன் முன்னால் வைத்தால் அநேகமாகத் தோல்விதான். ஒலிபெருக்கியின் கரகரப்பு, அறையின் எதிரொலி, காற்றாடி எல்லாம் சேர்ந்து சொற்களைக் கலக்கிவிடும். நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். மூன்று நிமிடப் பேச்சுக்கு ஏழு வரி கிடைத்தது. இடையிடையே முழு வாக்கியங்களே காணவில்லை.

பிறகு வழியை மாற்றினேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அம்மா பேசுவதைக் கேட்பது, ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்துவது, அதையே என் வாயால் தெளிவாகத் திருப்பிச் சொல்வது. இது நான் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. பிரிட்டனில் பிபிசி போன்ற நிறுவனங்கள் நேரலை நிகழ்ச்சிகளுக்குத் திரையில் எழுத்துவரி போடும்போது 2000-களின் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் செய்கின்றன. செய்தி வாசிப்பவரின் குரலை நேரடியாகக் கணினிக்குக் கொடுக்காமல், ஒரு பணியாளர் அமைதியான அறையில் அமர்ந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்வார். கணினி அவருடைய குரலைத்தான் எழுதும். சத்தம், அவசரம், இருவர் ஒரே நேரத்தில் பேசுவது ஆகிய எல்லாச் சிக்கல்களையும் மனிதக் காது முதலில் வடிகட்டிவிடுகிறது. அம்மாவின் 22 நிமிடங்களை இப்படிச் சொல்லி முடித்துத் திருத்த எனக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது.

இந்த முறையில்தான் "உலக்கை உளுந்து" வந்தது. உழக்கு என்ற சொல்லை இன்று எழுதுபவர்கள் குறைவு. ஒரு படியில் நான்கில் ஒரு பங்கு அது. கருவி பார்த்துப் பழகிய எழுத்துகளில் அரிதாக இருக்கும் ஒரு சொல்லைச் சொன்னால், ஒலியில் அதற்கு நெருக்கமான, தனக்குப் பழக்கமான சொல்லுக்கு அது தாவிவிடும். மூன்று முறை அழுத்தம் திருத்தமாகச் சொல்லியும் உலக்கைதான் வந்தது. கடைசியில் விரலால் தட்டினேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உலக்கை உளுந்து என்று ஒன்று கிடையாது. கண் அதில் தடுக்கி விழுந்தே தீரும். செல்பேசி செய்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். விட்டுப்போன இடம் வெற்றிடமாகத் தெரிகிறது. தப்பிய சொல் அபத்தமாக நிற்கிறது. தாளில் குறித்த 17 அளவுகளில் மூன்று தப்பியிருந்தன. மூன்றையும் தாளைப் பார்க்காமலே கண்டுபிடிக்க முடிந்தது.

அடுத்தது கணினி. இந்த வகையில் அதிகம் பேசப்படுவது விஸ்பர். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டது. இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேரப் பேச்சும் அதற்கான எழுத்தும் அதன் பயிற்சிக்குப் போயின. அதில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ் உட்பட ஏறத்தாழ நூறு மொழிகள் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையமே தேவையில்லை. குரல் வீட்டை விட்டு வெளியே போகாது. சொத்துப் பேச்சு, நோய் விவரம் போன்றவை உள்ள பதிவுகளுக்கு இது பெரிய காரணம். அவற்றை யாரோ நடத்தும் இலவச இணையதளத்தில் ஏற்றிவிட்டு எழுத்து வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ஒப்பீட்டில் அந்த வழியைச் சேர்க்காததும் அதனால்தான்.

பயன்படுத்துவது கடினமில்லை. பைத்தான் நிரல்மொழியும், ஒலிக் கோப்பைத் திறந்து தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளும் நிறுவிய கணினியில் விஸ்பரையும் நிறுவிய பிறகு, ஒரே வரி:

```
whisper amma.m4a --model medium --language ta --condition_on_previous_text False
```

`ta` என்பது தமிழ். அதைக் கொடுக்காவிட்டால் முதல் 30 வினாடிகளைக் கேட்டு மொழியைத் தானே ஊகிக்கும். பதிவின் தொடக்கத்தில் யாராவது ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் ஊகம் தவறிப்போகலாம். `medium` என்பது மாதிரியின் அளவு. அதற்குக் கிராபிக்ஸ் அட்டையில் சுமார் 5 ஜிபி நினைவகம் வேண்டும். `large` என்றால் சுமார் 10 ஜிபி. தமிழுக்கு `small`-ஐவிடக் கீழே இறங்குவது வீண். கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியிலும் ஓடும், ஆனால் ஆங்கிலத்துக்கு ஆகும் நேரத்தைவிடத் தமிழுக்கு நன்றாகவே கூடும். காரணம் இதுதான்: மாதிரி எழுத்தைத் துண்டு துண்டாக எழுதிச் செல்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லே பெரும்பாலும் ஒரு துண்டு. தமிழில் ஒரு சொல் பல துண்டுகளாக உடைகிறது. ஒரே பேச்சுக்கு அது எழுதவேண்டிய துண்டுகள் அத்தனை மடங்கு. கடைசியில் உள்ள நீளமான சொல் எதற்கு என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

இந்த வகையைச் சேர்ந்த ஒரு மாதிரியிடம் அம்மாவின் பதிவைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது எழுத்து தயாராக இருந்தது. பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்கியங்கள் முழுமையாக இருந்தன, நிறுத்தற்குறிகள் இருந்தன, ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறித்திருந்தது. செல்பேசி கொடுத்ததைவிட எவ்வளவோ அழகு. தாளை எடுத்து அளவுகளைச் சரிபார்த்த பிறகுதான் கலக்கம் வந்தது. ஐந்து அளவுகள் தப்பியிருந்தன. அவற்றில் நான்கைத் தாள் இல்லாமல் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

"ஒரு படி அரிசிக்கு அளவுக்கு உளுந்து" என்பது அவற்றில் ஒன்று. படித்துப் பாருங்கள். கொஞ்சம் நெருடினாலும், அளவாகப் போடச் சொல்கிறார் போலிருக்கிறது என்று கண் கடந்து போய்விடும். அளவே காணாமல் போனது தெரியாது. உளுந்து குறைந்தால் தேன்குழல் கல்லாகும். "வெண்ணெய் எலுமிச்சை அளவு" என்பது "வெண்ணெய் எலுமிச்சை சாறு" ஆகியிருந்தது. அதுவும் ஒரு சமையல் குறிப்பில் வரக்கூடிய சொற்றொடர்தான். வெண்ணெய் கூடினால் பிழிந்தது எண்ணெயில் பிரிந்து கரைந்துபோகும் என்று அம்மா அடுத்த வரியிலேயே எச்சரித்திருக்க, எவ்வளவு என்பது மட்டும் எழுத்தில் இல்லை.

இப்போது அந்த 40 வினாடி மௌனம். அந்த நேரத்துக்கு எதிரே "நன்றி, மீண்டும் சந்திப்போம்" என்று ஒரு வரி இருந்தது. அம்மா சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அதற்குக் கீழே அதே வரி இன்னும் இரண்டு முறை.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பகுதியின் நடுவில் நிதானமாகப் பேசியிருக்கிறோம். சுருக்கமாக இங்கே. விஸ்பர் போன்ற மாதிரிகள் ஒலியை 30 வினாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு துண்டிலும், கேட்ட ஒலியையும் இதுவரை எழுதியதையும் வைத்து, அடுத்து என்ன எழுத்து வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகின்றன. ஒலி தெளிவாக இருந்தால் கணிப்பு ஒலியைச் சார்ந்து நிற்கும். ஒலி மங்கினால், வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் என்ன வரும் என்ற பழக்கம் மேலோங்கிவிடும். பயிற்சிக்குப் போனவற்றில் இணையக் காணொளிகளின் எழுத்துவரிகள் நிறைய. பேச்சு ஓய்ந்து இசை மட்டும் ஒலிக்கும் கடைசி நொடிகளில் அவற்றில் பெரும்பாலும் நன்றி சொல்லும் வரிதான் இருக்கும். மௌனத்துக்கு நன்றி வரும் கதை இதுதான். ஒருமுறை எழுதியதை அடுத்த துண்டுக்கும் எடுத்துச் செல்வதால் அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. மேலே கட்டளையின் கடைசியில் நான் சேர்த்த நீளமான சொல் அந்த எடுத்துச்செல்லலை நிறுத்துவதற்குத்தான். திரும்ப வருவது அதனால் குறையும், இட்டுக்கட்டுவது நிற்காது.

2024-இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் தலைமையிலான குழு, ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளை விஸ்பரிடம் கொடுத்துச் சோதித்தது. ஏறத்தாழ நூற்றில் ஒரு பதிவில், பேசியவர் சொல்லவே சொல்லாத முழுச் சொற்றொடர்கள் எழுத்தில் இருந்தன. பேச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி விடுபவர்களிடம் இது கூடுதலாக நேர்ந்தது. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு தடைப்பட்டவர்கள் அந்தச் சோதனையில் இருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் யோசித்து, நிறுத்தி, மறந்ததை நினைவுகூர்ந்துதான் பேசுகிறார்கள். நாம் மிகவும் காப்பாற்ற நினைக்கும் குரல்களே இந்த மாதிரிகள் தடுமாறும் குரல்களாகவும் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆகவே என் கணக்கில் இரண்டு கருவிகளுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை தவறு என்பதில் இல்லை. செல்பேசி விட்டுவிடுகிறது அல்லது உளறுகிறது. இரண்டும் கண்ணில் படும். கணினி மாதிரி இட்டு நிரப்புகிறது. அது கண்ணில் படாது. முதல் வகைத் தவறைப் படித்தே திருத்தலாம். இரண்டாவது வகையை மூல ஒலியைக் கேட்டால்தான் திருத்த முடியும். கணினி எழுதியதை நம்பகமாக்க, 22 நிமிடத்தையும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி முழுமையாகக் கேட்டேன். நிறுத்தி நிறுத்தித் திருத்தியதில் ஒன்றேகால் மணி நேரம் போனது. திருப்பிச் சொல்லும் முறைக்கு ஆனதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணினி மிச்சப்படுத்திய நேரத்தைச் சரிபார்ப்பு தின்றுவிட்டது.

பதிவு நீண்டால் இந்தக் கணக்கு மாறும். நான்கு மணி நேரக் குடும்பக் கதையைத் திருப்பிச் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள யாராலும் ஆகாது. அங்கே ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறித்துத் தரும் கணினி மாதிரிதான் வழி. எழுத்தைப் பட்டியலாக வைத்துக்கொண்டு பெயர்கள், ஊர்கள், ஆண்டுகள், தொகைகள் வரும் இடங்களுக்கு மட்டும் தாவிக் கேட்டுத் திருத்தலாம். ஒரே வரி இரண்டு முறை வந்தால், பேச்சு ஓயும் இடத்தில் வழவழப்பான வாக்கியம் இருந்தால், அரை நிமிடப் பேச்சுக்கு ஒரே ஒரு குட்டி வரி இருந்தால் அங்கெல்லாம் நின்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது தமிழில் அடிக்கடி நேரும். ஒரு துண்டு ஒலிக்கு எத்தனை எழுத்துத் துண்டு எழுதலாம் என்பதற்கு விஸ்பரில் வரம்பு இருக்கிறது. வேகமாகப் பேசும் தமிழ் அந்த வரம்பைத் தொட்டு, வாக்கியம் பாதியில் அறுந்துவிடும்.

இன்னொரு சிறிய சங்கதி. கணினி மாதிரி அம்மாவின் பேச்சை ஆங்காங்கே எழுத்துத் தமிழாக மாற்றிவிட்டது. அவர் "பையப் பையக் கிளறு" என்றார். எழுத்தில் "மெதுவாகக் கிளறவும்" என்று இருந்தது. குறிப்பு மட்டும் போதும் என்றால் நல்லதே. அம்மாவின் பேச்சே வேண்டும் என்றால் இது இழப்பு. எதற்காக எழுத்தாக்குகிறோம் என்பதை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது வழி, எங்கள் தெருமுனையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அக்கா. பக்கக் கணக்கில் காசு. பழகிய கைகளுக்கும் ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நான்கு மணி நேரம்போல் ஆகும் என்பதால் செலவு கூடுதல்தான். மறுநாள் மாலைதான் கிடைக்கும். ஆனால் உழக்கு என்றால் அவருக்குத் தெரியும். 17 அளவுகளில் 16 சரி. மீதி ஒன்றில் அவர் தவறு செய்யவில்லை. அந்த இடத்தைச் சிவப்பு எழுத்தில் விட்டுவைத்து, ஓரத்தில் கேட்டிருந்தார்: "எள் ஒரு படியா, ஒரு பிடியா? குக்கர் சத்தத்தில் கேட்கவில்லை. படி இருக்காது என்று நினைக்கிறேன், அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள்." செல்பேசி "ஒரு படி" என்று எழுதியிருந்தது, ஏனென்றால் நானே அதைப் படி என்று கேட்டுத் திருப்பிச் சொல்லியிருந்தேன், என் தாளிலும் படி என்றே குறித்திருந்தேன். கணினியும் "ஒரு படி" என்றே எழுதியிருந்தது. சந்தேகப்பட்டவர் அக்கா ஒருவர்தான்.

ஐந்தாறு நிமிடக் குறிப்பு என்றால் நீங்களே திருப்பிச் சொல்லிச் செல்பேசியில் எழுதிக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் நீளும் பதிவுக்குக் கணினி மாதிரியை வைத்துக்கொள்ளுங்கள், அளவுகளையும் பெயர்களையும் கேட்காமல் நம்பாதீர்கள். மருந்து அளவு, நில விவரம், இனி கேட்டுத் தெளிய முடியாதவரின் குரல் என்றால் காசைப் பார்க்காமல் மனிதரிடம் கொடுங்கள். கருவியின் எழுத்தை அவருக்கு முன்கூட்டிக் காட்டாமல் இருப்பது நல்லது. பார்த்தால் அவர் காதும் அதையே கேட்கத் தொடங்கிவிடும்.

பகுதியின் தொடக்கத்தில் அம்மா "உழக்கு" என்று சொல்லும் அந்த நான்கு வினாடி ஒலியைச் சேர்த்திருக்கிறோம். காற்றாடிச் சத்தத்தோடு அப்படியே. கடைசி இரண்டு நிமிடம், அக்காவின் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் அம்மாவுக்குப் போன் செய்தது. பிடிதான் என்றார். பிறகு சற்று நிறுத்திவிட்டு, "என் பிடி இல்லை, உன் பாட்டியின் பிடி. அவருக்குக் கை சின்னது, அதனால் முக்கால் பிடி போடு" என்றார். 22 நிமிடப் பதிவில் அது எங்கேயும் இல்லை.